‘லாபம் இருக்குன்னு சொல்றீங்க, பணம் எங்கே?’: கணக்கருக்கு ஒரு வியாபாரி எழுதிய கடிதம்

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. வேட்டி, துண்டு, பருத்திச் சேலைதான் முக்கியச் சரக்கு. உறையூரிலும் மணமேட்டிலும் நெய்ததைக் கொஞ்சம், திருச்சி மொத்தக்கடைகளில் கொஞ்சம் என்று வாங்கி விற்கிறார் கடைக்கார அம்மா. கணக்கு எழுதுவது தில்லை நகரில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இளைஞர். மாதா மாதம் வாட்ஸ்அப்பில் 14 பக்கப் பி.டி.எஃப் ஒன்று வரும். அம்மா நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் ‘நிகர லாபம்’ என்ற எண்ணைப் பார்த்துவிட்டு போனை மூடிவிடுவார்.

இந்தப் பிப்ரவரியில் அப்படி மூட முடியவில்லை. ஜனவரி மாத லாபம் 38,000 ரூபாய் என்றது அறிக்கை. ஆனால் கல்லாவிலும் வங்கியிலும் சேர்த்து, மாதத் தொடக்கத்தில் இருந்ததைவிட 50,000 ரூபாய் குறைவாக இருந்தது. “லாபம் இருக்குன்னு சொல்றீங்க, பணம் எங்கே தம்பி?” என்று கேட்டார். “எல்லாம் கணக்குல சரியா இருக்கும்மா” என்றார் கணக்கர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் கடைக்காரருக்கு வேண்டிய பதில் அந்த 14 பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேட முடியவில்லை. ‘எனக்கு அறிக்கை இப்படி வேண்டும்’ என்று யாரும் கணக்கரிடம் சொன்னதும் இல்லை. அதனால் அம்மா உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். நீங்களும் சிறு கடை நடத்துபவர் என்றால், உங்கள் கணக்கருக்கு இதேபோல ஒன்றை எழுதிவிடலாம்.

(இந்தக் கடை, கடிதம், ரூபாய்க் கணக்கு எல்லாம் பாடத்துக்காக அமைத்த மாதிரி. இதில் வரும் சட்ட விதிகள், கெடு தேதிகள், திருவிழா நாட்கள் உண்மையானவை.)

முதலில் ஒரு நிமிடம்: பேரேட்டில் என்ன இருக்கிறது?

கடையில் நடக்கும் ஒவ்வொரு வரவு செலவும் முதலில் தேதிவாரியாகப் பதிவாகிறது. பிறகு அது தலைப்புவாரியாகப் பிரிந்து பேரேட்டில் ஏறுகிறது. விற்பனைக்கு ஒரு கணக்கு, கொள்முதலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, கடனுக்கு வாங்கிப் போகும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். கணக்கர் டேலி போன்ற மென்பொருளில் எழுதினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி, அடிப்படை இதுதான்.

இப்படி ஏற்கெனவே பேரேட்டில் இருப்பவற்றை எந்த வரிசையில், எதன் பக்கத்தில் எதை வைத்துக் காட்டுவது என்பதுதான் மாத அறிக்கை. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு கடிதத்திலேயே இதைக் கேட்டுவிட முடிகிறது.

கடிதம், பகுதி 1: என்ன வேண்டும்?

> அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.
>
> நீங்கள் அனுப்பும் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதனால் இனிமேல் மாத அறிக்கை எனக்கு எப்படி வேண்டும் என்று எழுதுகிறேன்.
>
> 14 பக்கம் வேண்டாம். ஏ4 தாளில் இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் வியாபாரம், பணம். இரண்டாம் பக்கத்தில் கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும், அந்த எண் பேரேட்டில் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று அதன் பெயரைப் போட்டுவிடுங்கள். எனக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஒரு கணக்கை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்வேன்.
>
> ‘இதர செலவு’ என்று மொத்தமாகப் போடாதீர்கள். என்ன பணம் என்று உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது வந்திருந்தால், போயிருந்தால், ‘விவரம் தெரியாதவை’ என்று தனியாகத் தேதியோடு எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

இதில் கடைசிப் பத்திதான் பல கடைகளில் விடுபட்டுப் போகிறது. யு.பி.ஐ. மூலம் பெயர் தெரியாமல் 6,000 ரூபாய் வந்திருக்கும். அது பழைய பாக்கியா, புது விற்பனையா, மகன் அனுப்பிய பணமா என்று கணக்கருக்கு எப்படித் தெரியும்? வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக அவர் ஏதோ ஒரு தலைப்பில் ஏற்றிவிடுவார். உண்மையில் அது பழைய பாக்கி என்றால், விற்பனையும் கூடிப்போகும், பாக்கியும் தீராமல் நிற்கும். ‘விவரம் தெரியாதவை’ என்ற வரி அந்தத் தவறை மாதக் கடைசியிலேயே பிடித்துவிடும். அந்த வரி ஒவ்வொரு மாதமும் பூஜ்யமாகும் வரை கணக்கு முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடிதம், பகுதி 2: வியாபாரம்

> முதல் பக்கத்தின் மேல் பாதியில் இந்த வரிகள் வேண்டும்: விற்பனை (ஜி.எஸ்.டி. நீக்கி), தொடக்கச் சரக்கு, கொள்முதல் (ஜி.எஸ்.டி. நீக்கி), கடைசிச் சரக்கு, மொத்த லாபம், செலவுகள் ஐந்து வரியில், நிகர லாபம்.
>
> பக்கத்தில் மூன்று பத்திகள்: இந்த மாதம், போன மாதம், போன வருஷம் இதே மாதம். டிசம்பர், ஜனவரிக்கு மட்டும் இரண்டு மாதத்தையும் கூட்டி ஒரு வரி தனியாகப் போடுங்கள்.
>
> வீட்டுச் செலவுக்கு நான் எடுக்கும் பணத்தைக் கடைச் செலவில் சேர்க்காதீர்கள். அதற்குக் கீழே இடம் சொல்கிறேன்.

ஜனவரிக் கணக்கை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்போம்.

- விற்பனை: 4,10,000
- தொடக்கச் சரக்கு: 7,20,000
- கொள்முதல்: 2,60,000
- கடைசிச் சரக்கு: 6,60,000
- விற்ற சரக்கின் அடக்கம் (7,20,000 + 2,60,000 – 6,60,000): 3,20,000
- மொத்த லாபம்: 90,000
- செலவுகள் (சம்பளம் 34,000, ஏற்றுக்கூலி, ஆட்டோ 6,000, மின்சாரம் 4,500, கணக்கர் கட்டணம் 3,000, மற்றவை 4,500): 52,000
- நிகர லாபம்: 38,000

இதில் பேரேட்டிலிருந்து வராத எண் ஒன்று இருக்கிறது. அதுதான் கடைசிச் சரக்கு. கடை அலமாரியில் எத்தனை வேட்டி இருக்கிறது என்று தில்லை நகரில் உட்கார்ந்திருக்கும் கணக்கருக்குத் தெரியாது. நாம் எண்ணிச் சொல்லாவிட்டால் அவர் ஒரு தோராயத்தைப் போடுவார். அந்தத் தோராயம் 20,000 ரூபாய் கூடுதலாகப் போனால், லாபமும் அப்படியே 20,000 ரூபாய் கூடுதலாகத் தெரியும். அடுத்த மாதம் அதே தொகை தொடக்கச் சரக்காக வரும்போது லாபம் அதே அளவு குறையும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனையில் மொத்த லாபம் எத்தனை சதவீதம் என்று மாதா மாதம் பாருங்கள். இந்தக் கடையில் 4,10,000க்கு 90,000; ஏறக்குறைய 22 சதவீதம். சரக்கும் விலையும் மாறாமல், ஒரு மாதம் 22, அடுத்த மாதம் 29, அதற்கடுத்த மாதம் 15 என்று ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சரக்கு எண்ணிக்கையை. சரக்கை விற்கும் விலையில் மதிப்பிட்டுவிட்டார்களா, வாங்கிய விலையிலா என்பதையும் கேளுங்கள். விற்கும் விலையில் போட்டால், இன்னும் விற்காத துணிக்கும் லாபம் வந்ததாகக் கணக்கு சொல்லும்.

அடுத்து, டிசம்பரையும் ஜனவரியையும் ஏன் கூட்டச் சொன்னார்? ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். வைகுண்ட ஏகாதசி ஆங்கில மாதத்தைப் பார்த்து வருவதில்லை. 2025ஆம் ஆண்டில் மட்டும் அது இரண்டு முறை வந்தது: ஜனவரி 10 ஒரு முறை, டிசம்பர் 30 ஒரு முறை. முதலாவதில் கூட்டம் பெரும்பாலும் ஜனவரியில். இரண்டாவதில் பகல் பத்து முழுக்க டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

இப்போது கடையின் விற்பனையைப் பாருங்கள். 2025 ஜனவரியில் 5,60,000. 2026 ஜனவரியில் 4,10,000. ‘போன வருஷம் இதே மாதம்’ பத்தியை மட்டும் பார்த்தால் 1,50,000 ரூபாய் சரிவு. அம்மா பயந்துபோய் பங்குனிக்குச் சரக்கு குறைத்துச் சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தார். ஆனால் 2024 டிசம்பரில் விற்பனை 4,30,000, 2025 டிசம்பரில் 6,20,000. இரண்டு மாதத்தையும் கூட்டினால் போன தடவை 9,90,000, இந்தத் தடவை 10,30,000. வியாபாரம் 40,000 ரூபாய் கூடித்தான் இருக்கிறது. சரிந்ததாகத் தெரிந்ததற்குக் காரணம் ஏகாதசி தேதி.

உங்கள் ஊரில் எந்த விழா தேதி மாறி வருகிறது, அது எந்த இரண்டு மாதங்களுக்கு நடுவே ஆடுகிறது என்று பார்த்து, அந்த இரண்டையும் கூட்டிக் கேளுங்கள். தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவே இதே வேலையைச் செய்யும்.

கடிதம், பகுதி 3: பணம்

> முதல் பக்கத்தின் கீழ்ப் பாதியில், லாபத்திலிருந்து ஆரம்பித்துக் கையில் இருக்கும் பணம் வரை ஒரு படிக்கட்டு மாதிரி காட்டுங்கள். லாபம் இவ்வளவு, பணம் இவ்வளவு மாறியது, நடுவில் எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்கு நான் எடுத்தது இங்கே தனி வரியாக வரட்டும்.
>
> கடைசியில், பேரேட்டில் உள்ள வங்கி இருப்பும் வங்கி ஸ்டேட்மெண்டில் உள்ள இருப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். வித்தியாசம் இருந்தால் எதனால் என்று எழுதுங்கள்.

அம்மா கேட்ட ‘பணம் எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. ஜனவரிக்கு அது இப்படி வரும்.

- நிகர லாபம்: + 38,000
- சரக்கு இருப்பு குறைந்ததால்: + 60,000
- வரவேண்டிய பாக்கி 60,000-லிருந்து 1,15,500 ஆனதால்: – 55,500
- கொடுக்கவேண்டிய பாக்கி 2,10,000-லிருந்து 1,63,000 ஆனதால்: – 47,000
- ஜி.எஸ்.டி. வித்தியாசம்: – 5,500
- வீட்டுக்கு எடுத்தது: – 40,000
- பணம் மாறியது: – 50,000

ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது? சரக்கு 60,000 குறைந்தது என்றால், பழைய சரக்கை விற்றோம், அந்த அளவுக்குப் புதிதாக வாங்கவில்லை. அதனால் பணம் மிஞ்ச வேண்டும். ஆனால் விற்றதில் ஒரு பகுதி கடனுக்குப் போயிருக்கிறது. இரண்டு கல்யாண மண்டபமும் ஒரு லாட்ஜும் துண்டு, போர்வை வாங்கிப் போய் இன்னும் பணம் தரவில்லை. அது விற்பனையில் ஏறிவிட்டது, லாபத்திலும் சேர்ந்துவிட்டது, கல்லாவுக்கு மட்டும் வரவில்லை. ஏகாதசிக்கு வாங்கிய சரக்குக்கு ஜனவரியில்தான் பணம் கொடுத்தார்கள். அதனால் கொடுக்கவேண்டியது 47,000 குறைந்தது, பணமும் குறைந்தது. ஜி.எஸ்.டி. வரியில், ஜனவரி விற்பனையில் வசூலித்த 20,500 உள்ளே வந்தது. கொள்முதலில் கொடுத்த 13,000, டிசம்பர் மாதத்துக்காகக் கட்டிய 13,000 வெளியே போனது.

கடைசியாக வீட்டுக்கு எடுத்த 40,000. லாபமே 38,000தான். அதைவிட 2,000 கூடுதலாக வீட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டுச் செலவைக் கடைச் செலவோடு கலந்து எழுதியிருந்தால், ‘கடை நஷ்டத்தில் ஓடுகிறது’ என்று அறிக்கை சொல்லியிருக்கும். அது பொய். கடை லாபத்தில்தான் ஓடுகிறது, எடுப்பதுதான் அதிகம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இனி வங்கி இருப்பு. மாதக் கடைசியில் கையில் 1,65,000: கல்லாவில் 27,000, பேரேட்டின்படி வங்கியில் 1,38,000. ஆனால் ஸ்டேட்மெண்ட் 1,41,500 என்கிறது. தவறா? இல்லை. மணமேட்டு நெசவாளர் ஒருவருக்குக் கொடுத்த 8,000 ரூபாய் காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. 31ஆம் தேதி கியூ.ஆர். மூலம் வந்த 4,500 மறுநாள்தான் கணக்கில் ஏறியது. 1,38,000 + 8,000 – 4,500 = 1,41,500. சரியாக ஒட்டிவிட்டது. இப்படி இரண்டு வரியில் விளக்கம் வந்தால் கவலை இல்லை. அதே காசோலை நான்கு மாதமாக அப்படியே நின்றால், போன் போட்டுக் கேட்க வேண்டும். காசோலை தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் வங்கி அதை ஏற்காது.

கடிதம், பகுதி 4: யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும்

> இரண்டாம் பக்கத்தின் மேல் பாதியில் இரண்டு பட்டியல். வரவேண்டியதைப் பெயர்வாரியாக, 30 நாளுக்குள், 31 முதல் 60 நாள், 60 நாளுக்கு மேல் என்று மூன்று பத்தியில் போடுங்கள். கொடுக்கவேண்டியதைப் பில்வாரியாக, பில் தேதியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று போடுங்கள். 150 நாளைத் தாண்டிய பில்லைச் சிவப்பில் காட்டுங்கள்.

வரவேண்டிய 1,15,500 ரூபாயை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பிரித்துப் பார்த்தால் 30 நாளுக்குள் 70,500, 60 நாளுக்குள் 25,000, 60 நாளுக்கு மேல் 20,000. அந்த 20,000 முழுக்க ஒரே மண்டபத்துக்காரர். அவருக்கு அடுத்த முறை கடனுக்குத் துணி கொடுக்கலாமா என்பதை இந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கொடுக்கவேண்டியதில் ஏன் 150 நாள்? ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி, ஒரு பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொண்டால், அந்தப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும்; பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிய வட்டி வராது. அம்மாவின் கணக்கில் 2025 செப்டம்பர் 1 தேதியிட்ட 42,000 ரூபாய் பில் ஒன்று, தரத்தில் ஏதோ தகராறு என்று நின்றுபோயிருந்தது. அதில் வரி மட்டும் 2,000. ஜனவரி 31 அன்று அதற்கு 152 நாள் ஆகிவிட்டது. பிப்ரவரி 28 உடன் 180 முடிகிறது. 150இல் சிவப்பு விழுந்தால், பேசித் தீர்க்க ஒரு மாதம் கிடைக்கிறது. 180இல் தெரிந்து பயனில்லை.

கடிதம், பகுதி 5: ஜி.எஸ்.டி. பொருத்தம்

> இரண்டாம் பக்கத்தின் கீழ்ப் பாதியில், நாம் கொள்முதலில் கொடுத்த ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பேரேட்டிலிருந்து ஒரு எண், GSTR-2B-யில் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு எண். வித்தியாசத்தில் இருக்கும் ஒவ்வொரு பில்லுக்கும் விற்றவர் பெயர், பில் எண், தேதி, வரித்தொகை வேண்டும்.

GSTR-2B என்பது, நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் நமக்காகத் தயாரிக்கும் பட்டியல். ஒரு மாதத்துக்கான பட்டியல் அடுத்த மாதம் 14ஆம் தேதி வரும். 2022 ஜனவரி 1 முதல், அதில் ஏறாத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. நாம் பணத்தையும் வரியையும் கொடுத்துவிட்டோம், பில்லும் கையில் இருக்கிறது என்றாலும் முடியாது.

அம்மாவின் பேரேட்டில் ஜனவரிக் கொள்முதல் வரி 13,000. GSTR-2B-யில் 9,400. மீதி 3,600, ஒரே மொத்தக்கடையின் இரண்டு பில்கள். சரக்கு மதிப்பு 72,000, அதற்கு 5 சதவீதம். இதனால் என்ன ஆகிறது? 13,000 வரவு கிடைத்தால் விற்பனை வரி 20,500இல் போக 7,500 கட்டினால் போதும். 9,400 மட்டும் என்றால் 11,100 கட்ட வேண்டும். 3,600 ரூபாய் இந்த மாதம் கையிலிருந்து கூடுதலாகப் போகிறது.

பில் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. விற்றவர் இன்னும் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். நம் ஜி.எஸ்.டி. எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம். அல்லது அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருக்கலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்டவர் இடையில் பில்களை ஏற்றாவிட்டால், ஜனவரி பில் மார்ச் மாதப் பட்டியலில்தான், அதாவது ஏப்ரல் 14 அன்றுதான் தெரியும். மூன்றாவது காரணம் என்றால் காத்திருந்தால் போதும். முதல் இரண்டு என்றால் போன் போட வேண்டும்.

எது என்று நீங்களே பார்க்கலாம். உள்நுழையத் தேவையில்லை. போனில் www.gst.gov.in திறந்து, Search Taxpayer என்பதில் Search by GSTIN/UIN தேர்ந்தெடுத்து, பில்லில் உள்ள விற்றவரின் 15 இலக்க எண்ணைப் போடுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். கடையின் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா என்பதோடு, எந்தெந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்ற பட்டியலும் வரும். GSTR-1 வரிசையில் மாதா மாதம் இருந்தவர் திடீரென நின்றுவிட்டார் என்றால் அவரிடம் அடுத்த சரக்கு எடுக்கும் முன் யோசியுங்கள்.

அம்மா பார்த்தபோது அந்த மொத்தக்கடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்வது தெரிந்தது. “சண்டை போடப் போனேன், நல்லவேளை முதல்ல பார்த்தேன்” என்றார். ஏப்ரல் 14க்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். பில் தாமதமாக ஏறினாலும், அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை வரவு எடுத்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு முன்பே ஆண்டுத் தாக்கலை முடித்துவிட்டால் அந்தத் தேதியோடு சரி. அதனால்தான் விடுபட்ட பில்களின் பட்டியல் ஒவ்வொரு மாத அறிக்கையிலும் தொடர்ந்து வர வேண்டும். ஒரு மாதம் காட்டிவிட்டு மறந்தால் அந்தப் பணம் போனதுதான்.

நீங்கள் கூட்டுமுறைத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருந்தால் உள்ளீட்டு வரி வரவே கிடையாது. இந்தப் பகுதியை உங்கள் கடிதத்தில் விட்டுவிடலாம்.

கடிதம், பகுதி 6: எப்போது, யார் என்ன தருவது

> முதல் பக்கம் 7ஆம் தேதிக்குள் வேண்டும். இரண்டாம் பக்கம் 16ஆம் தேதிக்குள் போதும். 20ஆம் தேதி GSTR-3B போடுவதற்கு முன் நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தாக்கல் செய்யுங்கள்.
>
> என் பங்குக்கு, மாதக் கடைசி நாள் இரவு கடையை அடைத்ததும் சரக்கை வாங்கிய விலையில் எண்ணி அனுப்புகிறேன். 2ஆம் தேதிக்குள் எல்லா பில்லும் வங்கி ஸ்டேட்மெண்டும் உங்களிடம் இருக்கும். கல்லாவில் எண்ணிய ரொக்கத்தையும் எழுதி அனுப்புகிறேன்.
>
> ஒவ்வொரு மாதமும் அறிக்கையோடு கணக்குக் கோப்பின் நகல் ஒன்றையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.
>
> இதற்குக் கூடுதல் வேலை என்று எனக்குத் தெரியும். கட்டணம் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.
>
> அன்புடன்.

இரண்டு தேதி ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். 14ஆம் தேதிக்கு முன் GSTR-2B வராது. அதனால் இரண்டாம் பக்கத்தை 7ஆம் தேதிக்குக் கேட்டால் கணக்கர் ஊகித்துத்தான் எழுத முடியும். 16க்கும் 20க்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் தவறைத் திருத்தக் கிடைக்கும் இடைவெளி. (மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு வேறு, உங்கள் கணக்கரிடம் கேட்டு அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள்.)

கணக்குக் கோப்பின் நகல் கேட்டதற்கும் காரணம் உண்டு. கணக்குப் புத்தகங்களை ஆண்டுத் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். அந்தப் பொறுப்பு பதிவு செய்த வியாபாரியுடையது. கணக்கர் மாறினாலும், அவர் கணினி பழுதானாலும், அதிகாரி வந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இந்தக் கடிதத்துக்குக் கணக்கர் இரண்டே கேள்விதான் கேட்டார். “சரக்கு எண்ணிக்கையை ஒவ்வொரு மாசமும் உறுதியா தருவீங்களாம்மா?” என்பது ஒன்று. மாதா மாதம் முழுக் கடையையும் எண்ண முடியாது என்றால், விலை கூடிய சேலைகளை மட்டும் மாதந்தோறும் எண்ணி, வேட்டி, துண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். எண்ணாத மாதங்களில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று எழுத வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

“வீட்டுக்கு எடுக்கிறதை எப்படிம்மா தனியாப் பிரிக்கிறது?” என்பது இன்னொன்று. கல்லாவிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன நோட்டில் தேதியும் தொகையும் எழுதுவது என்று ஏற்பாடு. அந்த நோட்டு இப்போது கல்லாப் பெட்டியிலேயே இருக்கிறது.

உங்கள் கடிதத்துக்கு: ஒரு பார்வையில் அறிக்கை அமைப்பு

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. தலைப்பு: கடை பெயர், மாதம், எந்தத் தேதி வரை பதிவு முடிந்தது
2. வியாபாரம்: விற்பனை, சரக்கு, கொள்முதல், மொத்த லாபமும் அதன் சதவீதமும், செலவுகள், நிகர லாபம், பக்கத்தில் போன மாதம், போன வருஷம், விழா மாதங்களின் கூட்டுத்தொகை
3. பணம்: லாபத்திலிருந்து கைப்பணம் வரை படிக்கட்டு, வங்கி இருப்பும் ஸ்டேட்மெண்டும் ஒட்டுகிறதா என்ற கணக்கு
4. பாக்கி: வரவேண்டியது பெயர்வாரியாக, கொடுக்கவேண்டியது பில்வாரியாக, நாள் கணக்கோடு
5. ஜி.எஸ்.டி.: பேரேட்டு எண், GSTR-2B எண், விடுபட்ட பில்களின் தொடர் பட்டியல்
6. விவரம் தெரியாதவை: தேதி, தொகை, யாரிடம் கேட்க வேண்டும்
7. ஒவ்வொரு வரியின் கடைசியிலும்: பேரேட்டுக் கணக்கின் பெயர்